ஒரே நாளில் நாலு கபடி மேட்ச்: இடைவெளியில் பசங்களுக்கு என்ன கொடுப்பது?

களத்துமேடு:
தஞ்சாவூர் பக்கம் எங்க ஊர் கபடி டீமுக்கு நான்தான் மேனேஜர். அடுத்த மாசம் ஒருநாள் டோர்னமெண்ட். காலை 8 மணிக்கு முதல் மேட்ச். ஜெயிச்சா 11:30, அப்புறம் 3 மணி, ராத்திரி 7-க்கு பைனல். போன தடவை மூணாவது மேட்ச் ரெண்டாம் பாதியில பசங்களுக்குக் காலே நகரல. மதியம் கமிட்டி போட்ட பிரியாணியைச் சாப்பிட்டிருந்தாங்க. இடைவெளியில என்ன கொடுக்கணும், எப்போ கொடுக்கணும்?

பழைய கார்னர்:
தம்பி, பதினெட்டு வருஷம் லெஃப்ட் கார்னர் ஆடினவன் சொல்றேன். மேட்ச் நாள்ல வயிறு காலியா இருக்கணும். கபடி ஃபுட்பால் மாதிரி கிடையாது. ரைடர் இடுப்பைப் பிடிச்சா ஒருத்தன் மேல நாலு பேரு விழுவான். வயித்துல சோறு இருந்தா அந்த இடத்துலயே வாந்திதான். நாங்க காலையில ரெண்டு இட்லி சாப்பிட்டு வண்டி ஏறினா பைனல் முடியற வரைக்கும் இளநீர், குளுக்கோஸ், அவ்வளவுதான். கப்பும் எடுத்திருக்கோம்.

உப்புக்கல்:
பழைய கார்னர் அண்ணன் சொல்றதுல பாதியை நான் அப்படியே ஏத்துக்கறேன். வயிற்றில் ஆள் விழுற விளையாட்டு இது. ஓட்டக்காரனுக்குச் சொல்ற சாப்பாட்டு அட்டவணையை இங்கே அப்படியே எடுத்து வைக்க முடியாது. நானும் ஆடினவன்தான், இப்போ ஒரு விளையாட்டு விடுதியில் பசங்க சாப்பாட்டைப் பார்த்துக்கறேன்.

ஆனா மேட்ச் தொடங்கும்போது வயிறு காலியா இருக்கறது வேற, நாள் முழுக்கக் காலியா வெச்சிருக்கறது வேற. ஒரு ரைடு 30 செகண்ட். அந்த முட்டித் தள்ளலுக்கும் தாவலுக்கும் தசைக்குள்ள சேர்த்து வெச்ச மாவுச்சத்துதான் எரியுது. ஒரு மேட்ச் 40 நிமிஷம், அதுல எல்லாம் தீர்ந்துடாது. முதல் மேட்ச்ல பட்டினிக்காரனும் சாப்பிட்டவனும் ஒரே மாதிரி ஆடுவாங்க. மூணாவதுலதான் வித்தியாசம் தெரியும். கை பிடிக்கும், மூச்சும் இருக்கும், ஆனா கால் எழும்பாது. களத்துமேடு சொன்ன அடையாளம் அதேதான். பிரியாணி மட்டும் காரணம்னு நினைக்காதீங்க. காலை 8 மணியிலிருந்து மதியம் வரைக்கும் அந்தப் பசங்க என்ன சாப்பிட்டாங்க?

களத்துமேடு:
ஒண்ணும் இல்லீங்க. ரெண்டாவது மேட்ச் எப்போ கூப்பிடுவாங்கன்னு தெரியாம உட்கார்ந்திருந்தோம். 11:30-ன்னு போட்டது 12:40-க்குத்தான் நடந்தது.

உப்புக்கல்:
விஷயமே அங்கதான் இருக்கு. நம்ம ஊர் டோர்னமெண்ட்ல அடுத்த மேட்ச் நேரத்தை யாராலும் சொல்ல முடியாது. மைக்ல திடீர்னு உங்க டீம் பேரைக் கூப்பிடுவாங்க. அதனால வரப்போற மேட்ச்சை வெச்சுச் சாப்பாட்டைக் கணக்குப் போடாதீங்க, முடிஞ்ச மேட்ச்சை வெச்சுப் போடுங்க. விசில் ஊதின உடனே வர்ற அரை மணி நேரம்தான் உங்க கையில உறுதியா இருக்கற நேரம். பெரிய சாப்பாடு அங்கேயே முடியணும். தசையும் அப்பதான் வேகமா வாங்கிக்கும். அதுக்கப்புறம் போகப் போக சின்னச் சின்னதா, கடைசியில தண்ணி மாதிரி.

உங்க டீம்ல 68 கிலோ ரைடர் ஒருத்தன்னு வெச்சுக்குவோம். மேட்ச் முடிஞ்ச முதல் நாலு மணி நேரத்துக்கு, ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஒரு கிராம் மாவுச்சத்துங்கறது பொதுவான கணக்கு. அவனுக்கு மணிக்கு 68 கிராம் வரும். 8:50-க்கு மேட்ச் முடியுதுன்னா 9:20-க்குள்ள நாலு இட்லி, ஒரு பெரிய வாழைப்பழம். சாம்பார் கொஞ்சமா, தேங்காய் சட்னி வேண்டாம். அதுலயே முதல் மணியோட பங்கு ஏறக்குறைய முடிஞ்சுடும். அடுத்த மணி நேரத்துல உப்பு, சர்க்கரை போட்ட எலுமிச்சை ஜூஸ் ரெண்டு டம்ளர், நாலஞ்சு பேரீச்சம்பழம். பேர் கூப்பிட்டா கடைசியா ரெண்டு வாய் ஜூஸ், அவ்வளவுதான். 11:30-க்கே கூப்பிட்டாலும் இட்லி கீழ இறங்கியிருக்கும். 12:40 ஆச்சுன்னா இன்னொரு பழம் சேர்த்துக்கலாம்.

பிரியாணி இங்கே தப்பாப் போறது எண்ணெயால. கொழுப்பு இருந்தா வயிறு காலியாக மூணு நாலு மணி நேரம் இழுக்கும். 12:40 மேட்ச் முடிஞ்சு ஒன்றரை மணிக்குப் பிரியாணி, 3 மணிக்குக் கோர்ட். பழைய கார்னர் அண்ணன் பயப்படற நிலைமை அதுதான்.

முட்டைக்கறி:
எல்லாரும் இட்லி, பழம்னே பேசறீங்க. தசை உடையற விளையாட்டுக்குப் புரதம் வேணாமா? நான் ஜிம் நடத்தறேன். என்கிட்ட வர்ற கபடி பசங்களுக்கு மேட்ச் முடிஞ்ச உடனே நாலு முட்டை, கொஞ்சம் சிக்கன். அடுத்த நாள் உடம்பு வலியே இல்லைங்கறாங்க.

உப்புக்கல்:
அடுத்த நாள்னு நீங்களே சொல்லிட்டீங்க. கடைசி மேட்ச் முடிஞ்சா முட்டை, சிக்கன் எல்லாம் தாராளமாக் கொடுங்க, சோறும் சேர்த்து. இங்கே அடுத்த மேட்ச் மூணு மணி நேரத்துல. நாலு முழு முட்டையும் வறுத்த சிக்கனும் வயித்துல இடத்தைப் பிடிச்சுக்கும், அப்புறம் இட்லி உள்ள போகாது. இடைவெளி ரெண்டரை மணிக்கு மேலன்னு தெரிஞ்சா ரெண்டு அவிச்ச முட்டை வெள்ளைக்கரு, இல்லேன்னா ஒரு டம்ளர் மோர். அதுல எனக்கு ஆட்சேபம் இல்ல. சுண்டல் மட்டும் வேண்டாம். நல்ல பொருள்தான், ஆனா வாயு கட்டும். ஒரு டீம்ல ரெண்டு டிஃபெண்டர்கள் அதனால வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வெளிய உட்கார்ந்ததை நேர்ல பார்த்திருக்கேன்.

வாலிபால் அம்மா:
என் பொண்ணு ஸ்கூல் வாலிபால் டீம். இதே கதைதான். ரெண்டாவது மேட்ச்சுக்கு முன்னாடி ஒரு சின்ன பாட்டில் தண்ணியில அஞ்சு பெரிய ஸ்பூன் குளுக்கோஸ் போட்டு ஒரே மடக்குல குடிச்சா. பத்தாவது நிமிஷம் கோர்ட்டுக்குப் பக்கத்துலயே வாந்தி. டீச்சர் வெயில்னு சொன்னாங்க. அப்போதிலிருந்து மேட்ச் நாள்ல எதையும் தொட மாட்டேங்கறா. பயத்துல இட்லி கூட இறங்க மாட்டேங்குது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன கொடுக்கறது?

உப்புக்கல்:
வெயிலும் இருந்திருக்கலாம்மா, ஆனா அந்தக் கரைசல் ரொம்பக் கெட்டி. அவ்வளவு சர்க்கரை ஒரேயடியா உள்ள போனா குடல் உடம்புல இருக்கற தண்ணியைத் தன் பக்கம் இழுக்கும். வயிறு பிரட்டும், சிலருக்குப் பேதியும் ஆகும். ஒரு லிட்டர் தண்ணிக்கு 60 கிராம் சர்க்கரை, அதாவது டீஸ்பூனால பன்னிரண்டு. கால் டீஸ்பூன் உப்பு, ரெண்டு எலுமிச்சம்பழம். அதுக்கு மேல கெட்டியாக வேண்டாம்.

சாப்பாடு இறங்காத பிள்ளைக்கு அரிசிக் கஞ்சியை வடிகட்டி, உப்பு கொஞ்சம், சர்க்கரை கொஞ்சம் போட்டு ஃபிளாஸ்க்ல கொடுத்து அனுப்புங்க. மெல்ல வேண்டாம், சீக்கிரம் இறங்கும். முதல்ல சாதாரண பயிற்சி நாள்ல கொடுத்துப் பழக்குங்க. மேட்ச் அன்னைக்குப் புதுசா எதையும் ஆரம்பிக்காதீங்க.

பழைய கார்னர்:
இளநீரை ஏன் விட்டுட்டீங்க? சர்க்கரைத் தண்ணியை விட அது ஆயிரம் மடங்கு மேல்.

உப்புக்கல்:
இளநீர் நல்லதுதான் அண்ணே, வயித்துக்கும் இதம். ஆனா அதுல பொட்டாசியம்தான் அதிகம், வேர்வையில போறது பெரும்பாலும் சோடியம், அதாவது நம்ம உப்பு. இளநீர் கொடுத்தா கூட இட்லி சாம்பார், உப்பு போட்ட மோர்னு ஏதாவது இருக்கட்டும். ஜெர்சியில வெள்ளைக் கோடு கோடா உப்பு பூக்கற பசங்களைத் தனியா கவனிங்க.

எவ்வளவு குடிக்கணும்னு தெரியணும்னா ஒரு எடை மெஷின் கொண்டு போங்க. மேட்ச்சுக்கு முன்னாடி ஒரு தடவை, முடிஞ்சதும் வேர்வையைத் துடைச்சுட்டு ஷார்ட்ஸோட ஒரு தடவை. 68 இருந்தவன் 66.9 காட்டினா 1.1 கிலோ தண்ணி குறைஞ்சிருக்கு. குடிக்கறதுல கொஞ்சம் சிறுநீராப் போயிடும்ங்கறதால ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 1.6 லிட்டர், அடுத்த ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா. எடை ஏறியிருந்தா தண்ணி அதிகமாக் குடிச்சுட்டான்னு அர்த்தம், நிறுத்துங்க.

பத்தாம் நம்பர்:
அண்ணா, எடை பத்திப் பேசறதால கேட்கறேன். நான் 65 கிலோ டோர்னமெண்ட் ஆடறவன். சாதாரணமா 67.5 இருப்பேன். முதல் நாள் ராத்திரி சோறும் தண்ணியும் விட்டுடுவேன், காலையில எடை போட்டதும் ரெண்டு லிட்டர் தண்ணி குடிச்சுட்டுக் கோர்ட்டுக்குப் போவேன். போன தடவை வயித்துல தண்ணி குலுங்கி முதல் ரைடுலயே மாட்டிட்டேன். என்ன சாப்பிட்டா எடை வேகமாக் குறையும்?

உப்புக்கல்:
தம்பி, இங்கே கேட்டது வேற கேள்வி. இருந்தாலும் சொல்றேன். எடை குறைக்கற வழியை நான் சொல்ல மாட்டேன். நீ இழந்தது கொழுப்பு இல்ல, ரத்தத்துல இருக்க வேண்டிய தண்ணி. ரெண்டரை லிட்டரை ஒரு மணி நேரத்துல உடம்பு திருப்பி எடுக்காது. வெறும் தண்ணியா ஊத்தினா பாதி சிறுநீராப் போகும். எடை போட்டாச்சுன்னா ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழு லிட்டர் தண்ணியில கரைச்சு பத்துப் பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். டம்ளர்ல பாக்கெட்டைக் கொட்டிடாதே. அதுல சர்க்கரை குறைவு, அதனால கூட பழமும் வேணும். தலை சுத்தினா, வேர்வை நின்னு உடம்பு கொதிச்சா அன்னைக்கு ஆடாதே. எடைப் பிரிவை மாத்திக்கிறதுதான் உனக்கு நல்லது.

பழைய கார்னர்:
இட்லி, கஞ்சி எல்லாம் ஒத்துக்கறேன். ஆனா பைனல் மட்டும் என் வழிதான். ராத்திரி மேட்ச், கூட்டம், படபடப்பு. நாலு மணிக்கு மேல பசங்களுக்கு ஒண்ணும் கொடுக்கக் கூடாது.

உப்புக்கல்:
பைனல் ஏழு மணிக்குத் தொடங்கினா சரி. ஒன்பதரைக்குத் தொடங்கினா அஞ்சரை மணி நேரம் பட்டினி. நான் அஞ்சு மணிக்குத் தயிர்சாதம் ஒரு சின்னக் கிண்ணம், அப்புறம் ஜூஸ்னு வைப்பேன். படபடப்புல வயிறு மெதுவா வேலை செய்யும்ங்கறது உண்மை. அதனால கிண்ணம் சின்னதுதான். இதுல உங்க பசங்க உடம்பு உங்களுக்குத்தான் தெரியும்.

முட்டைக்கறி:
பைனலுக்கு முன்னாடி டீ கொடுக்கலாமா?

உப்புக்கல்:
தினமும் குடிக்கறவனுக்கு ஒரு டம்ளர் கொடுங்க. பழக்கம் இல்லாதவனுக்கு வேண்டாம். கை நடுங்கும்.

களத்துமேடு:
வர்ற ஞாயித்துக்கிழமை பயிற்சி மேட்ச் ரெண்டு வெச்சிருக்கோம், ரெண்டு மணி நேர இடைவெளியோட. மெஷின் கடன் வாங்கிட்டேன். ஆறு பேருக்கு உப்புக்கல் அண்ணன் சொன்ன மாதிரி, ஆறு பேருக்கு பழைய கார்னர் அண்ணன் சொன்ன மாதிரி கொடுத்து, ரெண்டாவது மேட்ச்ல ரைடு எண்ணிப் பார்க்கறேன். கமிட்டிகிட்ட பிரியாணிக்குப் பதிலா தயிர்சாதம் கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.