சோடிப் படம் போடும்போது எது மாறலாம், எது மாறக்கூடாது? அனுபவத்தைப் பகிருங்கள்

தலவாக்கலை மிஸ்

போனில் படம் எடுப்பது பற்றிப் பிள்ளைகளுக்கு எட்டு ஸ்லைட் தயாராகிறது. ஒவ்வொன்றிலும் "இப்படி வேண்டாம், இப்படி எடு" என்று இரண்டு படம். சட்டகம், வெளிச்சம், கோணம் என்று மூன்று பகுதி. இதுவரை எடுத்த சோடிகளில் பாதி உதவாது. இரண்டாவது படத்துக்குள் பனி நகர்ந்துவிடுகிறது, ஆள் சிரித்துவிடுகிறார், பச்சை நிறமும் வேறாகிவிடுகிறது. பார்க்கிற பிள்ளை "இதில் அக்கா சிரிக்கிறா, அதனால் நல்லா இருக்கு" என்கிறது. கற்பிக்க நினைத்தது கோணம். இதே வேலை செய்தவர்கள் எங்கே பிழைக்கிறது என்று சொல்லுங்கள்.

ஸ்டூடியோ அண்ணன், ஹட்டன்

மிஸ், சோடியில் ஒன்றுதான் மாறவேண்டும். அதற்கு முதலில் போனின் கையைக் கட்டவேண்டும். ஓட்டோவில் விட்டால் இரண்டு படத்துக்கும் அது தனித்தனியாக வெளிச்சமும் நிறமும் தீர்மானிக்கும். ஐபோனில் ஆளின் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் மேலே AE/AF LOCK என்று வரும். ஆனால் அது வெளிச்சத்தையும் ஃபோகசையும்தான் பூட்டும், நிறத்தைப் பிடித்துவைக்காது. அன்ட்ரொய்டில் Pro இருந்தால் நிறத்தைத் தீர்மானிக்கிற WB-யை 5500-இல் நிறுத்திவிடுங்கள். பனி நாளில் இரண்டு படத்திலும் கொழுந்தின் பச்சை ஒரே பச்சையாக வரும்.

கோணத்துக்கு ஒரு சோடி முழுதாகச் சொல்கிறேன். கொழுந்து எடுக்கிற அக்காவைக் கீழ் நிரையில் நின்று அண்ணாந்து எடுத்தால், அவர் தலைக்குப் பின்னால் முழுக்க வெள்ளை வானம். போன் அந்த வெள்ளையைப் பார்த்து எல்லாவற்றையும் இருட்டாக்கும், முகம் கருத்துப்போகும். இது முதல் படம். இரண்டாவதுக்கு மேல் நிரைக்குப் போங்கள். இப்போது பின்னால் தேயிலைச் செடி, வானத்து வெளிச்சம் முகத்தில் விழுகிறது. ஆனால் மேலே நின்றபடி எடுத்தால் தலைத்துணியும் கூடைக் கயிறும்தான் தெரியும், ஏனென்றால் அவர் குனிந்து செடியைப் பார்க்கிறார். அதனால் குந்தியிருந்து, போனை உங்கள் முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். மலைச் சரிவில் அது அவர் முக உயரத்துக்கு வந்து நிற்கும். இரண்டிலும் தூரம் ஒன்று, 1x ஒன்று. படங்கில் ஒட்டியிருக்கிற ஈர இலைகூடத் தெரியும்.

0.5x வேண்டாம். ஓரத்தில் நிற்கிறவர் கையை அது இழுத்து நீட்டிவிடும். பிள்ளைகள் அதையே "நல்ல கோணம்" என்று பிடித்துக்கொள்வார்கள்.

பொகவந்தலாவ தம்பி

பனியில் படம் மங்கிப்போறதுக்குக் காரணம் லென்ஸ்தான். சட்டைப் பைக்குள்ள சூடா இருக்கிற போனைக் குளிருக்கு எடுத்தா லென்ஸ்ல ஆவி பிடிக்கும். துடைச்சுட்டு எடுத்தா பனியிலயும் பளிச்சுன்னு வரும்.

ஊவாக்காரன், பண்டாரவளை

தம்பி, துடைக்கச் சொன்னது சரி, காரணம் தலைகீழ். சூடான கண்ணாடியில் ஆவி படியாது, குளிர்ந்த கண்ணாடியில்தான் படியும். மலையில் சுற்றிவிட்டு ஸ்டோருக்குள், இலை வாடவைக்கிற மாடிக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே கால் வைத்ததும் லென்ஸ் வெள்ளையாகும். அங்கே துடைத்தாலும் திரும்பப் படியும். போன் சூடாகும்வரை பத்து நிமிடம் விட்டுவிடவேண்டும். வெளியே பனியில் மங்குவது பெரும்பாலும் விரல் எண்ணெய். விளக்கைச் சுற்றி ஒரு பக்கமாகக் கோடு இழுத்தமாதிரி இருந்தால் அது விரல் தடம்.

பனி சாம்பலாக வருவது வேறு சங்கதி. போன் வெள்ளையை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். சூரியன் அடையாளத்தை மேலே இழுத்து +0.7 அல்லது +1 வைத்தால் பனி பனியாக இருக்கும். இதுவே ஒரு நல்ல சோடி. இடம், ஆள், சட்டகம் எதையும் அசைக்கவேண்டாம், இரண்டு படத்துக்கும் பத்து வினாடி போதும். ஒரு தடங்கல்: சில போன்களில் இருட்டையும் வெளிச்சத்தையும் சமப்படுத்துகிற HDR தானே ஓடிப் "பிழையான" படத்தையும் திருத்திவிடும். அதை நிறுத்தாமல் பிழையைக் காட்டமுடியாது.

மிஸ்

அப்படியானால் வெளிச்சச் சோடிக்கும் எல்லாவற்றையும் பூட்டவேண்டுமா? லயத்து இஸ்தோப்பில் ஒரு பாட்டியை உள்ளே வைத்து ஒன்று, கூரை விளிம்புக்கு அருகே ஒன்று எடுத்தோம். வெளிச்ச அளவைப் பூட்டியதால் உள்ளே எடுத்தது வெறும் இருட்டு.

ஸ்டூடியோ அண்ணன்

ஆமாம், பூட்டித்தான் எடுக்கவேண்டும்.

ஊவாக்காரன்

அண்ணே, இங்கே நான் உடன்படவில்லை. சட்டகத்துக்கும் கோணத்துக்கும் பூட்டலாம். வெளிச்சத்துக்குப் பூட்டினால் பிள்ளை பார்ப்பது "இருட்டு, வெளிச்சம்" மட்டும்தான். பிறகு எல்லாரும் எடிட்டில் பிரைட்னசைக் கூட்டுவார்கள். காட்டவேண்டியது வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை. ஆகவே ஒவ்வொரு முறையும் முகத்தில் தொட்டு, முகத்தின் வெளிச்சம் இரண்டிலும் ஒரே அளவாக வரும்படி எடுக்கவேண்டும். WB மட்டும் பூட்டியபடி இருக்கட்டும்.

பாட்டியின் படத்தை இப்படிச் செய்து பாருங்கள். கதவோரம் சுவரில் சாய்ந்திருந்தால் தலைக்கு மேலே தகரம், முன்னால் தூரத்தில் முற்றம். கன்னம் தட்டையாக இருக்கும், நீலச் சுண்ணாம்புச் சுவரின் நிறம் தாடையில் ஏறியிருக்கும். நாலடி முன்னால் வந்து, கூரை விளிம்புக்கு ஒரு சாண் உள்ளே இருத்தி, உடம்பை முற்றத்துக்குப் பக்கவாட்டாகத் திருப்புங்கள். நீங்களும் அதே நாலடி நகருங்கள், ஆள் பெரிதாகிவிடக்கூடாது. ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் மெல்லிய நிழல், சுருக்கமெல்லாம் எழுந்து நிற்கும். கண்ணுக்குள் வெள்ளைப் பொட்டு ஒன்று தெரிந்தால் சரியான இடம்.

எல்ல போகிறவன்

ஒன்பது வளைவுப் பாலத்துல ரயிலோட வீடியோ எடுக்க எந்த நேரம் போகலாம்?

மிஸ்

தம்பி, இங்கே கேட்டது சோடிப் படம். ஆனால் பாலத்தை எடுத்தாலும் அதேதான். மேல் சரிவில் ஒரு இடத்தில் நின்று 1x-இல் ஒன்று, பின்னால் போய் 2x-இல் ஒன்று என்று, பாலம் இரண்டிலும் ஒரே அளவாக வரும்படி எடுங்கள். இரண்டாவதில் பின்னாலிருக்கிற மலை பெரிதாகிப் பாலத்துக்குக் கிட்ட வந்து நிற்கும்.

ராகலை அக்கா

கொழுந்து எடுக்கிறவங்களை நிறுத்தி வைச்சு இரண்டு மூன்று தடவை எடுக்கிறீங்களே, அவங்களுக்குக் கிலோவுக்குக் கணக்கு. கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குக் காத்திருங்க. அப்ப எல்லாரும் கூடையை இறக்கி நிப்பாங்க, ஐந்து நிமிஷம் கிடைக்கும். முதல்ல கேளுங்க. எடுத்ததைக் காட்டுங்க. "வேண்டாம்" பக்கத்துல போடப்போறோம்னும் சொல்லுங்க. அவங்க முகம் பிழையான படமா ஊர் முழுக்கச் சுத்துறது யாருக்குப் பிடிக்கும்?

மிஸ்

அக்கா சொன்னது நெஞ்சில் பட்டது. "வேண்டாம்" படங்களுக்கு இனி எங்கள் பிள்ளைகளையே நிறுத்துகிறோம்.

இன்னொன்று. 1080 x 1350 ஸ்லைடில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 540 அகலம்தான், நிற்கிற ஆளின் இரண்டு தோளும் வெட்டுப்படுகிறது. மேலும் கீழுமாக வைத்தால் படுக்கைப் படம் மட்டும் பொருந்துகிறது. என்ன செய்வது?

ஸ்டூடியோ அண்ணன்

ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம். ஆளின் கண் இரண்டிலும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். விரலால் முன்னும் பின்னும் தள்ளும்போது மாறியது மட்டும் துள்ளித் தெரியும்.

ஊவாக்காரன்

அது போனில் பார்க்கிறவருக்கு. வட்ஸ்அப்பில் ஒற்றை ஸ்லைடை மட்டும் அனுப்பினால் "வேண்டாம்" படம் தனியாகப் போய்விடும். இரண்டையும் ஒன்றாக வைப்பதுதான் எனக்குச் சரி. படுக்கையாகவே எடுங்கள், மேலே ஒன்று கீழே ஒன்று. ஜூலையில் உங்கள் பக்கம் மழை விடாது, எங்கள் பக்கம் காய்ந்து காற்றடிக்கும். நிழல் சோடி மிச்சமிருந்தால் காலை எட்டுக்கு முன் ஹப்புத்தளைப் பக்கம் வாருங்கள். பத்து மணிக்குப் பிறகு வெயில் தலைக்கு மேல் ஏறிக் கண்குழி கருத்துவிடும்.