கோத்தகிரி மலை லிங்க்கில் கியூபிக்கா, பிபிஆரா?

ரேவதி, கோத்தகிரி

கடைக் கூரையில் ஆன்டெனா வைத்து எதிர்மலை டவரிலிருந்து இணைப்பு எடுத்திருக்கிறேன். அப்லோட் 20 எம்பிபிஎஸ் என்று பேச்சு. மும்பையில் இருக்கும் சர்வருக்குக் கல்யாண வீடியோக்களை ஏற்றினால் 3.5க்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது. ஏற்றிக்கொண்டிருக்கும்போதும் பிங் 40 மில்லி செகண்டில்தான் நிற்கிறது. கடை மெஷின் உபுண்டு, எவ்வளவு வேகத்தில் அனுப்புவது என்று முடிவெடுக்கும் டிசிபி முறையாக அதில் கியூபிக் ஓடுகிறது. பிபிஆருக்கு மாற்றினால் வேகம் வரும் என்கிறார்கள். மாற்றலாமா? ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பாபு, குன்னூர்

மாற்றாதீர்கள். குன்னூர் பக்கம் சின்ன அளவில் வீடுகளுக்கு இணைப்பு கொடுத்துக்கொண்டிருக்கிறேன், தினமும் பார்க்கிறதைச் சொல்கிறேன். பிபிஆர் லாஸைக் கண்டுகொள்ளாது. பாக்கெட் விழுந்தால் நெரிசல் என்று அர்த்தம், அனுப்புகிறவன் குறைத்துக்கொள்ள வேண்டும், 1988ல் ஜேக்கப்சன் எழுதியதிலிருந்து இணையம் இந்த ஒப்பந்தத்தில்தான் நிற்கிறது. அதை ஒருவர் மட்டும் மீறினால் அதே டவரில் இருக்கும் மற்ற வீடுகளுக்குத்தான் அடி. பிங்கும் எகிறிவிடும். உங்கள் இணைப்பில் லாஸ் இருந்தால் லிங்க்கைச் சரிசெய்யச் சொல்லுங்கள், அதுதான் வழி.

இளங்கோ, ஊட்டி

பாபு சார், லாஸ் என்றால் நெரிசல் என்று எடுத்த எடுப்பில் வைத்துக்கொள்கிறீர்கள். ரேவதி மேடம் எழுதியதிலேயே அதற்கு எதிரான தடயம் இருக்கிறது. நெரிசல் என்றால் பாக்கெட்டுகள் முதலில் எங்காவது ஒரு பஃபரில் வரிசையில் நிற்கும், அப்போது பிங் ஏறும், பஃபர் நிரம்பி வழிந்த பிறகுதான் லாஸ் வரும். இங்கே பிங் ஏறவே இல்லை. வரிசையே உருவாகாமல் பாக்கெட் விழுகிறது என்றால் வழியில் காற்றிலேயே தொலைகிறது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

மேடம், ஊகத்தில் பேச வேண்டாம். மும்பை சர்வரில் `iperf3 -s` ஓடவிட்டு, கடையிலிருந்து இதை ஓட்டிப் பாருங்கள்:

```
iperf3 -u -c SERVER -b 2M -t 60
```

20 எம்பிபிஎஸ் லிங்க்கில் 2 மட்டும் அனுப்புகிறோம். இந்த வேகத்தில் யாரும் வரிசையில் நிற்கத் தேவையில்லை. இதிலும் பாக்கெட் விழுந்தால் அது உங்கள் நெரிசல் இல்லை.

செல்வம், தாண்டிக்குடி

நானும் இதே பிரச்சினையில்தான் இருக்கிறேன். லேப்டாப்பில் பிபிஆர் போட்டு வாரக்கணக்கில் ஆகிறது, ராத்திரி வீடியோ பார்த்தால் அதே சுற்றல்தான். ஒரு மாற்றமும் இல்லை. இதெல்லாம் பேருக்குத்தான் என்று தோன்றுகிறது. காப்பித் தோட்டத்துக் கேமராவை மதுரையிலிருந்து திறந்தால் மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அது தற்செயலாக இருக்கலாம்.

இளங்கோ, ஊட்டி

செல்வம் அண்ணே, அது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். எவ்வளவு அனுப்புவது என்று முடிவெடுப்பது அனுப்புகிற பக்கம். வீடியோ உங்களிடம் வருகிறது, அதை அனுப்புவது எங்கோ இருக்கும் சர்வர், அங்கே எது ஓடுகிறதோ அதுதான் கணக்கு. உங்கள் லேப்டாப் அதில் ‘வந்து சேர்ந்தது’ என்று சொல்லும் ஏசிகே மட்டும்தான் அனுப்புகிறது. கேமரா படம் லேப்டாப் வழியாக வெளியே போகிறது என்றால் அங்கே அனுப்புகிறவர் நீங்கள், அதனால் வித்தியாசம் தெரியும். ரேவதி மேடத்துக்கும் ஏற்றுவதுதான் வேலை என்பதால் கடை மெஷினில் மாற்றினாலே போதும்.

ரேவதி, கோத்தகிரி

ஓட்டிப் பார்த்தேன். 10300 பாக்கெட் சொச்சத்தில் 104 விழுந்திருக்கிறது. மறுபடி ஓட்டினாலும் ஏறக்குறைய அதேதான். அப்போ நூற்றுக்கு ஒன்று. ஆனால் ஒரு சதவீதம் தொலைந்தால் வேகம் 20லிருந்து 3.5க்கு ஏன் விழ வேண்டும்? 19.8 அல்லவா வர வேண்டும்?

இளங்கோ, ஊட்டி

சரியான கேள்வி, விஷயமே இதில்தான் இருக்கிறது.

உங்கள் லிங்க் முழுசாக நிறைய வேண்டுமானால் எந்த நேரத்திலும் வழியில் எத்தனை பாக்கெட் இருக்க வேண்டும் என்று பாருங்கள். நொடிக்கு 20 மெகாபிட், போய்வர 40 மில்லி செகண்ட், பெருக்கினால் 100 கிலோபைட். பாக்கெட்டுக்கு 1460 பைட் என்றால் சுமார் 68 பாக்கெட். கியூபிக் இந்த 68ஐ எட்டினால்தான் உங்களுக்கு 20 கிடைக்கும்.

ஆனால் ஒவ்வொரு லாஸுக்கும் கியூபிக் தன் விண்டோவை, அதாவது ஒரே நேரத்தில் வழியில் விடும் பாக்கெட் எண்ணிக்கையை, 0.7ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்ளும். 14 பாக்கெட்டில் இருந்தது 10க்கு வரும். பிறகு இந்தச் சின்ன அளவுகளில் போய்வரும் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய அரைப் பாக்கெட்தான் ஏறும். நூறு பாக்கெட்டுக்கு ஒன்று விழுகிறது, சுற்றுக்குச் சராசரி 12 போகிறது, அப்படியானால் எட்டுச் சுற்றுக்கு ஒரு லாஸ். எட்டுச் சுற்றில் நான்கு பாக்கெட் ஏறி மறுபடி 14க்கு வரும்போது அடுத்தது விழுந்துவிடும். இப்படியே 10க்கும் 14க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், 68 கண்ணிலேயே படாது. 40 மில்லி செகண்டுக்கு 12 பாக்கெட் என்றால் நொடிக்கு 3.5 மெகாபிட். உங்கள் திரையில் தெரிகிற எண் அதுதானே?

கியூபிக்கின் பேர்போன அந்த வளைவு ஏற்றமும் இங்கே உதவாது. அது சுற்றைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்து ஏறுவது. அதன் கணக்குப்படி 10லிருந்து பழைய 14க்குத் திரும்பவே இரண்டு நொடிக்கு மேல் ஆகும். உங்களுக்கு மூன்றில் ஒரு நொடிக்கு ஒரு லாஸ் வருகிறது. அதனால் கியூபிக்குக்கு முந்தைய ரெனோ முறை மாதிரி நேர்கோட்டில் ஏறும் பகுதிதான் ஆள்கிறது.

பிபிஆர் கேட்பது வேறு கேள்வி. ‘ஏதாவது விழுந்ததா’ என்று பார்க்காமல், ‘கடந்த பத்துச் சுற்றில் எதிர்முனைக்கு அதிகபட்சம் எந்த வேகத்தில் போய்ச் சேர்ந்தது, கடந்த பத்து நொடியில் மிகக் குறைந்த தாமதம் எவ்வளவு’ என்று இரண்டை அளக்கிறது. நூற்றில் ஒன்று விழுந்தால் போய்ச் சேர்ந்த வேகமும் ஒரு சதவீதம்தான் குறையும். நீங்கள் எதிர்பார்த்த 19.8 அங்கேதான் கிடைக்கும்.

மெஷின் முழுவதையும் மாற்றாமல் ஒரே ஒரு இணைப்பில் சோதிக்கலாம்:

```
sudo modprobe tcp_bbr
sudo iperf3 -c SERVER -C cubic -t 60
sudo iperf3 -c SERVER -C bbr -t 60
```

ஓடும்போது இன்னொரு ஜன்னலில் `ss -ti` போட்டால் முதல் தடவை விண்டோவைக் காட்டும் `cwnd` 10, 14 என்று தத்தளிப்பதைப் பார்க்கலாம். இரண்டாவதில் `bw`, `mrtt` என்று அது அளந்து வைத்திருப்பதே தெரியும்.

பாபு, குன்னூர்

கணக்கு சரி. ஆனால் ஒரே ஒரு மேடம் ஒரே ஒரு லிங்க்கில் இருக்கும்போது சரி. என் டவரில் ரேடியோவின் பஃபர் சின்னது, முப்பது பாக்கெட் கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு வீடு பிபிஆர், இரண்டு வீடு கியூபிக் என்றால் கியூபிக் வீடுகள் படுத்துவிடுகின்றன. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பு அறுந்துபோனால் போன் எனக்குத்தான் வரும். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இளங்கோ, ஊட்டி

இதில் நீங்கள் சொல்வது உண்மை சார், நான் மறுக்கவில்லை. பல பிபிஆர் இணைப்புகள் ஒரே லிங்க்கில் சேர்ந்தால் ஒவ்வொன்றும் தான் பார்த்த உச்சத்தையே தன் பங்கு என்று எடுத்துக்கொள்கிறது, கூட்டினால் லிங்க்கைவிடப் பெரிதாகிவிடுகிறது. அப்போது அதைத் தடுப்பது, வழியில் இருப்பது தேவைக்கு இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு மட்டும்தான். இதே 68 கணக்கில் 136 வரை தள்ளும். வழியில் 68, பஃபரில் 30, மொத்தம் 98க்குத்தான் இடம். மீதி விழுந்துகொண்டே இருக்கும். பிபிஆரின் முதல் பதிப்பு அதைப் பொருட்படுத்தாது, கியூபிக் ஒவ்வொன்றுக்கும் பின்வாங்கும். நீங்கள் பார்த்தது இதுதான்.

ஆனால் பிங் எகிறும் என்றீர்களே, அது தலைகீழ். பஃபர் 600 பாக்கெட் கொள்ளும் ரவுட்டரில் கியூபிக்கை விட்டால் முழுவதையும் நிரப்பிவிட்டுத்தான் நிற்கும், லாஸ் வரும்வரை அதற்கு நிறுத்தக் காரணமே இல்லை. 20 எம்பிபிஎஸ்ஸில் 600 பாக்கெட் வடிய 360 மில்லி செகண்ட். அந்த வீட்டில் ஒருவர் ஏற்றினால் மற்றவருக்கு அழைப்பு பேச முடியாது. பிபிஆர் அதே இடத்தில் அதிகம் போனால் 40 மில்லி செகண்ட் வரிசையை உண்டாக்கும். அப்படிப்பட்ட ஆழமான பஃபரில் இரண்டும் சேர்ந்தால் அடி வாங்குவது பெரும்பாலும் பிபிஆர்தான், ஏனென்றால் அதற்கு வரம்பு இருக்கிறது, கியூபிக்குக்கு இல்லை. தாமதத்தை மட்டும் பார்த்து ஒதுங்கிய வேகாஸ் என்ற பழைய முறைக்கு 90களிலேயே நேர்ந்ததும் இதுதான்.

பாபு, குன்னூர்

அப்படியானால் யார் யாரை நசுக்குவது என்பது நடுவில் இருக்கிற பஃபரைப் பொறுத்தது என்கிறீர்கள். அதைத் தீர்மானிக்கிறவன் நான், வாடிக்கையாளர் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், பங்கிட்டுக்கொள்கிற லிங்க்கில் அவரவர் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது.

மூன்றாம் பதிப்பு லாஸையும் பார்க்கிறது என்கிறார்களே?

இளங்கோ, ஊட்டி

பார்க்கிறது. லாஸ் இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் பின்வாங்கும். 2023ல் கூகுள் அதைப் பற்றிப் பேசியது, ஆனால் லினக்ஸின் மூலக் கர்னலில் `bbr` என்று வருவது முதல் பதிப்பு. மூன்றாவது வேண்டுமானால் அவர்கள் வைத்திருக்கும் கர்னலைத் தனியாகக் கட்ட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ரேவதி மேடத்துக்கு இன்று ஒரு சதவீதம், ஐப்பசி மழையில் மூன்று ஆனால் அதுவும் கியூபிக் மாதிரி ஒதுங்க ஆரம்பிக்கும். காற்றில் தொலைந்தது எது, பஃபரில் வழிந்தது எது என்று அனுப்புகிற பக்கத்திலிருந்து உறுதியாகப் பிரிக்க இன்னும் வழி இல்லை. இரண்டு சதவீதம் என்பது ஒரு பேரம், அவ்வளவுதான்.

ரேவதி, கோத்தகிரி

கியூபிக் 3.4, பிபிஆர் 18.9 வந்தது. பிபிஆர் ஓடும்போது பிங் 40க்கும் 55க்கும் நடுவில் இருந்தது. இந்த ஒரு சதவீதமும் பனிமூட்டத்தால் வருகிறதா? காலையில் எதிர்மலையே தெரிவதில்லை.

பாபு, குன்னூர்

மேடம், 5 கிகாஹெர்ட்ஸுக்குப் பனிமூட்டம் ஒன்றும் செய்யாது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ரேடியோவுக்குத் தெரியும். தேயிலைக்கு நடுவே நிற்கிற சில்வர் ஓக் மரங்களைப் பாருங்கள். ஆன்டெனா போட்ட வருஷம் வழியில் இல்லாத கிளை இப்போது குறுக்கே வந்திருக்கும், ஈர இலை சிக்னலை நன்றாகக் குடிக்கும். இல்லாவிட்டால் பக்கத்து மலையில் யாரோ அதே சேனலில் புதிதாக ரேடியோ வைத்திருப்பார்கள். ரேடியோவின் பக்கத்தைத் திறந்து சிக்னல் அளவையும் சத்த அளவையும் பாருங்கள். சிக்னல் முன்பைவிடக் குறைந்திருந்தால் மரம், சிக்னல் அப்படியே இருந்து சத்தம் கூடியிருந்தால் சேனல். ஆன்டெனாவை ஐந்தடி உயர்த்தினாலே லாஸ் போய்விடலாம், போய்விட்டால் கியூபிக்கே முழு வேகமும் கொடுக்கும்.

செல்வம், தாண்டிக்குடி

எனக்குச் சவுக்குதான் குறுக்கே நிற்கிறது. வெட்டினால் பக்கத்துத் தோட்டக்காரர் சண்டைக்கு வருவார். அதுவரை பிபிஆரையே வைத்துக்கொள்ளவா?

இளங்கோ, ஊட்டி

வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே, உங்கள் வீட்டுக்கு மட்டும் தனி லிங்க் என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. ரேவதி மேடம், உங்கள் டவரில் எத்தனை வீடு என்று கேளுங்கள். பாபு சார், உங்கள் டவர் ரவுட்டரில் `fq_codel` அல்லது `cake` போட்டால் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை கிடைக்கும், பிபிஆர் வீடு எவ்வளவு தள்ளினாலும் அதன் வரிசையில்தான் வழியும்.

பாபு, குன்னூர்

போடலாம், ஆனால் நெரிசல் ரவுட்டரில் இல்லை, ரேடியோவில் இருக்கிறது. அதன் உள்ளே எனக்குக் கை போகாது. ரவுட்டரில் வேகத்தை ரேடியோவுக்குக் கீழே கட்டிவைத்தால்தான் வரிசை என் பக்கம் வரும், மழையில் ரேடியோவின் வேகமே மாறிக்கொண்டிருக்கும்போது எந்த எண்ணில் கட்டுவது?