கானர்ஸ் ஆர்எஸ்ஐ: விலை மாறாத நாளில் மட்டும் கணக்கு இடிக்கிறது

ஃபோர்டு (`F`) பங்கின் தினசரி விலைக்கு பைத்தானில் `CRSI(3,2,100)` எழுதியிருக்கிறேன். மூன்று பகுதிகளின் சராசரிதான்: விலையின் 3 நாள் ஆர்எஸ்ஐ, தொடர் ஏற்ற இறக்க எண்ணிக்கையின் 2 நாள் ஆர்எஸ்ஐ, ஒரு நாள் மாற்றத்தின் 100 நாள் சதவீதத் தரவரிசை. பெரும்பாலும் சார்ட்டோடு ஒத்துப்போகிறது. முந்தைய நாள் விலையிலேயே முடியும் நாட்களில் மட்டும் எகிறுகிறது.

வைல்டர் முறைச் சராசரியைச் சரிபார்த்துவிட்டேன். தரவரிசையில் `rank(pct=True)` இன்றைய நாளையும் சேர்த்து எண்ணுவதால் வந்த சின்ன வித்தியாசத்தையும் நீக்கியாச்சு. இப்போது சந்தேகம் இந்த வரியில்:

```python
s = np.sign(adj.diff())
```

டிவிடெண்டுக்குத் திருத்திய விலை `adj`. அதில் தசம இரைச்சலால் மாறாத நாளும் மிக நுண்ணிய ஏற்றமாகத் தெரிகிறது. தொடர் 3-இல் இருந்து 0 ஆகாமல் 4 ஆகிவிடுகிறது. முந்தைய சராசரி ஏற்றம் 1, இறக்கம் ஏறத்தாழ 0 என்றால், சரியான கணக்கில் தொடரின் ஆர்எஸ்ஐ 25, எனக்கு 100. மொத்தத்தில் 25 புள்ளி தள்ளிப்போகிறது, சிக்னலே மாறிவிடும்!

2 தசமத்துக்கு ரவுண்ட் செய்தால் பழைய ஆண்டுகளில் உண்மையான ஒரு சென்ட் நகர்வும் சில நேரம் அழிகிறது. திருத்தாத விலையை எடுத்தால் எக்ஸ்-டிவிடெண்ட் நாளில் பொய் இறக்கம்.

இந்தத் தொடரை மட்டும் நீங்கள் எந்த விலையில், எவ்வளவு வித்தியாசத்தைச் சமம் என்று எடுத்துக் கணக்கிடுகிறீர்கள்?