புதுப்பிப்பு: கூட்டப் பதிவிலிருந்து நிகழ்ச்சி நிரல் எடுத்தாயிற்று

நான் கேட்டது: "முத்தியால்பேட்டையில் எங்கள் குடியிருப்போர் கூட்டத்தின் எழுத்துப் பதிவு மட்டும் இருக்கிறது. நிரலே போடவில்லை. பேசிய வரிசையில் எப்படி எடுப்பது?"

எல்லோருக்கும் நன்றி. கடலூர் அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. தலைவர் பேச்சை மட்டும் முதலில் படித்து, "சரி, அடுத்து", "அப்புறம்" என்று அவர் பேச்சைத் திருப்பும் இடங்களில் கோடு போட்டேன். தண்ணீர்த் தொட்டி, வாய்க்கால் அடைப்பு, பராமரிப்புக் கட்டணம் என வரிசை கிடைத்தது. தீர்மானங்களை மட்டும் பொறுக்கச் சொன்ன தம்பியின் வழியில் கட்டணம் விழவே இல்லை. அது முடிவாகாமல் தள்ளிப்போன விஷயம். கூட்ட அழைப்புக்கு ஒரு மாதிரி அனுப்பிய ஐயா, அது அடுத்த கூட்டத்துக்கு உதவும்.

எதிர்பாராதது: கட்டணப் பேச்சுக்கு நடுவே வாய்க்கால் திரும்ப வந்தது. முதலில் வந்த இடத்திலேயே வைத்து, "3-இன்போது மீண்டும்" என்று குறித்தேன். முன்கூட்டியே அனுப்பிய நிரல் என்று யாரும் எண்ணாதபடி, மேலே "பதிவிலிருந்து பின்னர் தொகுத்தது" என்றும் எழுதினேன். தெருவிளக்கு பற்றி ஒருவர் கேட்ட ஒற்றைக் கேள்வி தனித் தலைப்பா என்பதில் செயலாளருக்கும் எனக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.