லெஸ்லி பெட்டியில் ஒரு கொம்பா, இரண்டா?

பாணன்72: “ஹாமண்ட் ஆர்கனோடு வரும் லெஸ்லி பெட்டியில் ஸ்பீக்கரையே மோட்டார் சுற்றுகிறது. மேலே இரண்டு கொம்பு, இரண்டிலும் சத்தம் வருகிறது, அதனால்தான் சத்தத்தில் அந்தச் சுழல்.” போன வாரம் நான் எழுதியதை மறுக்கிறவர் யாராவது உண்டா?

கீழ்ஸ்தாயி: உண்டு. ராக் பதிவுகளில் அதிகம் கேட்கும் 122 மாடலையே எடுத்துக்கொள்வோம். அதில் எந்த ஸ்பீக்கரும் சுற்றாது. ஏறக்குறைய 800 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள சத்தம் அசையாமல் இருக்கும் டிரைவர் என்ற சின்ன ஸ்பீக்கருக்குப் போய், அதன் மேல் சுற்றும் கொம்பு வழியாக வெளியே வரும். 800-க்குக் கீழே உள்ள சத்தம் 15 அங்குல ஸ்பீக்கருக்குப் போகும். அதுவும் அசையாது. அதன் முகத்துக்கு நேர் கீழே ஒரு பீப்பாய் சுற்றி, சத்தத்தைப் பக்கவாட்டில் வீசும். கொம்பும் பீப்பாயும் சுற்றுவது எதிரெதிர்த் திசையில்.

கொம்பு இரண்டு தெரியும், சரிதான். ஆனால் ஒன்று அடைப்பு. எடையைச் சமன் செய்ய மட்டுமே அது அங்கே இருக்கிறது.

பாணன்72: கண்ணுக்கு முன்னால் இரண்டு வாய் இருக்கிறது, ஒன்று பொம்மை என்கிறீர்கள். பார்க்கிற எங்களுக்குக் கண் இல்லையா?

கீழ்ஸ்தாயி: கண் இருக்கிறது, காதைப் பயன்படுத்துங்கள். கொம்பின் வாய் மையத்திலிருந்து 18 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். வேக நிலையில் நிமிடத்துக்கு 400 சுற்று என்றால் அந்த வாய் நொடிக்கு 7.5 மீட்டர் ஓடுகிறது. ஒலியின் வேகம் 343 மீட்டர். வாய் நம்மை நெருங்கி விலகும்போது சுருதி 2.2 சதவீதம் ஏறி இறங்கும், அதாவது அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். மெதுவான நிலையில், 48 சுற்றில், அது அரை ஸ்வரத்தில் நூறில் ஐந்து பங்குகூட வராது. அதனால்தான் அங்கே சுழல் கேட்பதில்லை, லேசான அசைவுதான்.

இப்போது இரண்டு வாயும் ஊதுகின்றன என்று வையுங்கள். ஒன்று உங்களை நோக்கி வரும்போது மற்றது விலகிப் போகும். சுருதி ஏறுவதும் இறங்குவதும் ஒரே நேரத்தில் காதில் விழும், சத்தத்தின் துடிப்பும் இரட்டிப்பாகும். நாம் கேட்பது அதுவல்ல.

ரீங்காரம்: ரெண்டு பேருமே பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். ஆர்கனிலேயே C3 என்று ஒரு குமிழ் இருக்கிறதே, வைப்ராட்டோ கோரஸ்? சுழல் அங்கிருந்து வருவதுதான்.

கீழ்ஸ்தாயி: பாதி சரி, தம்பி. அதுவும் சுருதியை அசைக்கும். ஆனால் அந்த அசைவை உண்டாக்கும் ஸ்கேனரை ஓட்டுவது ஆர்கனில் ஸ்வரங்களை உண்டாக்கும் சக்கரங்களை ஓட்டும் அதே மோட்டார்தான். நொடிக்கு ஏழு முறை, அவ்வளவுதான். வேகம் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பதிவில் சுழல் மெல்ல வேகமெடுத்தால் அது லெஸ்லி. கொம்பு ஒன்றிரண்டு நொடியில் முழு வேகம் பிடிக்கும். பீப்பாய் கனம், சில நொடி பின்தங்கித்தான் வரும். அந்த இடைவெளிதான் பாட்டின் உச்சத்தில் புல்லரிக்க வைக்கிறது.

மேரிதாசன்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் கோயில் பெட்டியில் வேக நிலை நன்றாக ஓடுகிறது. மெதுவுக்கு மாற்றினால் கொம்பு நின்றே போகிறது. ஆம்ப்ளிஃபையரை மாற்ற வேண்டுமா?

கீழ்ஸ்தாயி: வேண்டாம் ஐயா, ஆம்ப்ளிஃபையரைத் தொடாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கொம்பைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் பேரிங் குற்றமில்லை. மோட்டார் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று. மெதுவுக்கான சின்ன மோட்டாரின் தண்டு எழும்பி, ஒரு ரப்பர் வளையத்தின் வழியாகப் பெரியதைத் திருப்ப வேண்டும். பழைய எண்ணெய் பிசினாகிவிட்டால் தண்டு எழும்பாது. ரப்பர் இறுகிப்போனால் எழும்பியும் வழுக்கும். முதலில் துடைத்து எண்ணெய் விடுங்கள், பிறகு வளையத்தைப் பாருங்கள்.

பாணன்72: வைத்தியம் முடிந்ததா? டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்டிடம் வருவோம். அந்த உறுமலும் லெஸ்லிதானே?

கீழ்ஸ்தாயி: அவர் ஹாமண்டை மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் செருகி வாசித்தவர். உறுமல் அங்கிருந்து. சுழலுக்கு உதாரணம் தேடி அவரிடம் போனவர் நீங்கள் ஒருவர்தான். 1967-இல் புரோக்கல் ஹேரம் குழுவில் மேத்யூ ஃபிஷர் வாசித்ததைப் போட்டுக் கேளுங்கள். அது பெரிய ஹாமண்டான பி-3 கூட இல்லை, சின்ன எம்-102, லெஸ்லியோடு.

ரீங்காரம்: பி-3 இல்லையா? போன தடவை வேறு மாதிரி எழுதினீர்களே!

கீழ்ஸ்தாயி: எழுதியது நான் அல்ல. பாணன் எழுதினார், நீங்கள் கைதட்டினீர்கள்.

பாணன்72: பேச்சை மாற்ற வேண்டாம். இரண்டு கொம்பு இருக்கிறதா, இல்லையா?

கீழ்ஸ்தாயி: இருக்கிறது. ஒன்றில் காற்றுகூடப் போகாது.

பாணன்72: ஆக, இரண்டு! நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்.

மேரிதாசன்: ஐயா, எந்த எண்ணெய் என்று சொல்லவில்லையே?