நீலப் பட்டை போட்ட சிவப்பு சிலிண்டர்: நுரையா, பௌடரா?

பேனல்காரன்

போன மாதம் நடந்தது. பேனல் அறையில் ஒரு கெப்பாசிட்டர் புகைய ஆரம்பித்தது, மெயினை இறக்கச் சொல்லிக் கத்திவிட்டு வெளியே ஓடினேன். வெளிச்சுவரில் இரண்டு தீயணைப்பான் பக்கம் பக்கமாகத் தொங்குகிறது, இரண்டும் ஒரே சிவப்பு. ஒன்றில் மட்டும் மேல்பக்கம் நீலப் பட்டை என் கண்ணில் பட்டது. நான் தொழில் பழகிய இடத்தில் நீலம் என்றால் பௌடர், அது அப்படியே மண்டையில் உட்கார்ந்துவிட்டது. பௌடர்தானே, மின்சாரத்தில் அடிக்கலாமே என்று அதைத்தான் கொக்கியிலிருந்து எடுத்தேன்.

பின்னைப் பிடுங்கப் போகும்போதுதான் கையில் இருந்த குழாய் முனையைப் பார்த்தேன். பௌடர் நாசில் சின்னதாக, மொட்டையாக இருக்கும். இது ஒரு சாண் நீளக் குழல், அடியில் சுற்றிலும் ஓட்டைகள். காற்றை உள்ளே இழுத்து நுரையைப் பொங்க வைக்கத்தான் அந்த ஓட்டைகள். லேபிளைத் திருப்பினால் எரிகிற விறகுப் படம், எண்ணெய்க் கேன் படம், மூன்றாவதாக மின்சாரத்துக்கான படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு! கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்ததை எடுத்தேன், அதில் புனல் மாதிரி அகலமான கறுப்பு ஹார்ன் இருந்தது, அடித்தேன், அணைந்தது. அதில் கறுப்புப் பட்டையும் இருந்ததாம், அந்த நேரத்தில் எனக்குத் தெரியவே இல்லை. நீலம் எப்படி நுரை ஆனது என்று இன்னும் புரியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

கப்பல் கிழவர்

தம்பி, நீங்கள் படித்ததும் சரி, அந்தச் சிலிண்டரும் சரி. பிரிட்டிஷ் வழக்கத்தில் நீலம் பௌடர், நுரைக்கு வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை. ஆஸ்திரேலிய வழக்கத்தில் நீலப் பட்டை நுரை, பௌடருக்கு வெள்ளைப் பட்டை. இரண்டு பக்கமும் ஒத்துப்போவது கார்பன் டை ஆக்சைடுக்கான கறுப்பு மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளிலும் இதே கூத்து: பிரிட்டனில் சமையல் எண்ணெய்த் தீக்கான ரசாயனத் திரவம், ஆஸ்திரேலியாவில் ஆவியாகிற திரவம். பிரிட்டனில் முன்பு உடம்பு முழுவதையுமே அந்தந்த வகைக்கான நிறத்தில் அடித்துவிடுவார்கள். 1990களின் கடைசியில் ஐரோப்பியத் தரம் வந்த பிறகு எல்லாம் சிவப்பாகி, நிறம் ஒரு சின்னப் பட்டையாகச் சுருங்கிவிட்டது.

கப்பலில் எந்தத் துறைமுகத்தில் என்ன வாங்கினார்களோ அதுதான் சுவரில் தொங்கும். ஒரே நடைபாதையில் மூன்று நாட்டுச் சிலிண்டர் பார்த்திருக்கிறேன். அதனால் நான் முதலில் நாசிலைப் பார்ப்பேன், பிறகு தலைப்பகுதியில் அழுத்தம் காட்டும் கேஜ் உண்டா என்று பார்ப்பேன், லேபிளில் உறுதி செய்துகொள்வேன். நிறம் எனக்குக் கடைசிதான்.

ராத்திரி ஷிப்ட்

இவ்வளவு குழப்பம் எதற்கு? கேஜ் இல்லையென்றால் கார்பன் டை ஆக்சைடு, கேஜ் இருந்தால் மற்றது. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். இன்னொன்று, லேபிளில் சி என்று இருந்தால் மின்சாரத்துக்கு ஆகும், இல்லையென்றால் ஆகாது. எங்கள் பயிற்சியில் இதுதான் சொன்னார்கள்.

பச்சைக்கிளி

எங்கள் மாடிப்படியில் இருப்பது பச்சை. அப்படியென்றால் எந்த வகை?

பேனல்காரன்

உடம்பே பச்சையா?

பச்சைக்கிளி

இல்லை இல்லை, உடம்பு சிவப்புதான். மேலே வட்டமாக இருக்கிறதே, அதில் முள் பச்சையில் நிற்கிறது.

கப்பல் கிழவர்

அது அழுத்தம் சரியாக இருக்கிறது என்பதற்கான பச்சை அம்மா, உள்ளே என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. தண்ணீரோ நுரையோ பௌடரோ, எதிலும் முள் பச்சையில்தான் நிற்க வேண்டும். லேபிளில் என்னென்ன படம் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

ராத்திரி ஷிப்ட் சொன்னதில் பாதி சரி. கார்பன் டை ஆக்சைடு உள்ளே திரவமாக இருக்கிறது, 20 டிகிரியில் சுமார் 57 பார். கொஞ்சம் அடித்துத் தீர்த்தாலும், திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தம் அதேதான். அதனால் கேஜ் வைத்துப் பயனில்லை, எடை போட்டுத்தான் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் கேஜ் இல்லாத பௌடரும் உண்டு. உள்ளேயோ பக்கவாட்டிலோ ஒரு சின்ன வாயுக் குப்பி இருக்கும், தலையில் குமிழைத் தட்டினால் குப்பி உடைந்து அப்போதுதான் அழுத்தம் ஏறும். என்ஜின் அறையில் ஒரு பையன் கேஜ் இல்லையே என்று அதை எடுத்துக் கட்டுப்பாட்டுப் பலகையில் அடித்துவிட்டான். தீ அணைந்தது, பௌடரைச் சுத்தம் செய்ய மூன்று நாள். கேஜ் இல்லை, ஹார்ன் இருக்கிறது, அளவுக்கு மீறிக் கனக்கிறது, மூன்றும் சேர்ந்து வந்தால்தான் கார்பன் டை ஆக்சைடு என்று நான் நம்புவேன்.

ஆய்வகத் தங்கச்சி

சி எழுத்தை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். பழைய ஆய்வகத்தில் அமெரிக்கச் சிலிண்டர், அங்கே சி என்றால் மின்சாரம். புது இடத்தில் ஐரோப்பிய வகை, இங்கே சி என்றால் எரிவாயு. ஒரு கருவியின் பவர் சப்ளை பற்றிக்கொண்டபோது ஹார்ன் வைத்த சிலிண்டரைப் பார்த்தேன், லேபிளில் எண்ணெய்த் தீக்கான 34பி என்று மட்டும்தான் இருந்தது. சி இல்லையே, மின்சாரத்துக்கு ஆகாது போல என்று தொங்கவிட்டுவிட்டு, சி போட்டிருந்த பௌடரைத் தேடி அடுத்த அறைக்கு ஓடினேன்! அதற்குள் இன்னொருவர் அந்த ஹார்ன் சிலிண்டரையே எடுத்து அடித்துவிட்டார். மின்சாரத்துக்கு ஆகும் என்பது அந்த லேபிளில் எழுத்தாக இல்லை, கீழே ஒரு வரியாக இருந்தது. இன்னொரு விஷயம், அடித்தவர் ஹார்னையே கையால் பிடித்திருந்தார். வெளியே வருவது சுமார் மைனஸ் 78 டிகிரி, உள்ளங்கைத் தோல் உறைந்து வெள்ளையாகிவிட்டது. ஹார்னுக்குக் கைப்பிடி இருந்தால் அதைத்தான் பிடிக்க வேண்டும். சின்னச் சிலிண்டரில் ஹார்னைத் தீப்பக்கம் திருப்பிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

ராத்திரி ஷிப்ட்

சரி, சி விஷயம் எனக்குப் புதுசு. கேஜ் இல்லாத பௌடர் நான் இதுவரை பார்த்ததில்லை, அதனால் அதை இப்போதைக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

பச்சைக்கிளி

பார்த்துவிட்டு வந்தேன். விறகுப் படம், எண்ணெய்ப் படம் இரண்டும் இருக்கிறது, மின்சாரப் படத்தில் கோடு இல்லை. ஆனால் குழாய் முனையில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. நுரை என்றால் கோடு இருக்க வேண்டாமா?

ஆய்வகத் தங்கச்சி

நுரையிலேயே சிலவற்றை 35,000 வோல்ட் வைத்துச் சோதித்து, 1,000 வோல்ட் வரை ஒரு மீட்டர் தள்ளி நின்று அடிக்கலாம் என்று போட்டிருப்பார்கள். லேபிளில் அந்த வரி இருக்கும், தேடிப்பாருங்கள். அந்த வரி இருந்தால் நான் எடுப்பேன்.

கப்பல் கிழவர்

நான் எடுக்க மாட்டேன். மின்சாரம் பக்கத்தில் இருப்பது தெரியாமல் அடித்துவிட்டால் ஆள் பிழைக்கட்டும் என்பதற்கான சோதனை அது. தரையில் தேங்கிய நுரைத் தண்ணீரில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று அந்த லேபிள் சொல்வதில்லை.

பேனல்காரன்

இன்று போய் மறுபடி பார்த்தேன். எங்கள் நீலப் பட்டையில் அந்த வரி இல்லை, குறுக்குக் கோடு மட்டும்தான். அதைப் பேனல் அறைக்கு வெளியே மாட்டியது யார் என்று கேட்டால் யாரும் வாயைத் திறக்கவில்லை. நானே கழற்றிக் கிடங்கு வாசலில் மாட்டிவிட்டு, ஹார்ன் சிலிண்டரை எடை போடச் சொல்லியிருக்கிறேன், பாதிக்குமேல் அடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.