டேபிளைத் திருப்பிப் போட்டால் ஃபார்முலாவுக்கு என்ன ஆகிறது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மீனா_திருப்பூர்

பனியன் கம்பெனி கணக்குப் பிரிவு. எனக்கு முன்பு இருந்தவர் விட்டுப்போன எக்செல் ஃபைல். பிரிவுகள் கீழ்வாக்கில், மாதங்கள் குறுக்கே இருந்த செலவு டேபிளை, ரிப்போர்ட்டுக்காக அவர் Paste Special போய் Transpose போட்டுக் கீழேயே A10-இல் ஒட்டியிருக்கிறார். அடுத்த காலாண்டிலிருந்து புது டேபிளில்தான் எண்களை அடித்து வந்திருக்கிறார்கள்.

நான் சேர்ந்த பிறகு வந்த முதல் மீட்டிங். முதலாளி பேப்பரில் இருந்த பங்கு சதவீதங்களை போன் கால்குலேட்டரில் கூட்டிப் பார்க்கிறார். நூல் 45, சாயம் 27.5, தையல் 27.5, பேக்கிங் 10. "என்னம்மா, நூத்திப்பத்து வருது?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. மாதத் தொகைகள் சரி, மொத்தமும் சரி. எந்த செல்லிலும் எர்ரர் கிடையாது. ஒரு பச்சை முக்கோணம்கூட இல்லை. இப்படி எதுவுமே காட்டாமல் எப்படித் தப்பாகும்?

கோபிநாத்

Transpose செய்தாலே ஃபார்முலா உடைந்துவிடும், அது தெரிந்த விஷயம்தானே. எங்கள் ஆபீசில் மேலே இடம் குறைவாக இருந்த ஷீட்டில் ஒருவர் ஒட்டினார், பாதி செல்லில் #REF! வந்து நின்றது. அதிலிருந்து நான் Values, Transpose இரண்டையும் சேர்த்து டிக் செய்துதான் ஒட்டுகிறேன். எண் மட்டும் போகும், ஃபார்முலா போகாது, தலைவலியும் இல்லை.

தணிகை

கோபி சார், உடைவதில்லை. அதைச் சொல்லியே பலரை மாதாமாதம் கையால் கூட்ட வைத்துவிட்டார்கள். டாலர் குறி இல்லாத ஃபார்முலாவை எக்செல் சரியாகவே திருப்பும். "இடப்பக்கம் மூன்று செல்" என்பதை "மேலே மூன்று செல்" என்று மாற்றிக்கொள்ளும். உங்கள் #REF! வந்தது, மேலே அத்தனை வரிசை இல்லாததால். அதாவது அந்த ஃபார்முலா, காப்பி செய்த பகுதிக்கு வெளியே எதையோ பார்த்திருக்கிறது.

மீனா மேடம், உங்கள் பழைய டேபிளில் E2, F2 செல்களில் என்ன ஃபார்முலா இருக்கிறது?

மீனா_திருப்பூர்

E மொத்தம், F பங்கு. ஆறாவது வரிசை கூட்டுத்தொகை.

```
E2: =SUM(B2:D2)
F2: =E2/$E$6
```

தணிகை

நினைத்தது சரி. திருப்பியதும் E2 போய் B14 ஆகிவிட்டது, `=SUM(B11:B13)` என்று ஒழுங்காக மாறியிருக்கும். F2 போய் B15. அதில் பாருங்கள், `=B14/$E$6` என்று இருக்கும். வகுபடும் எண் புது டேபிளுக்கு வந்துவிட்டது, வகுக்கும் எண் மட்டும் பழைய டேபிளிலேயே நிற்கிறது. டாலர் போட்டால் நகராதே என்று நாம் சொன்னதை எக்செல் அப்படியே கேட்டிருக்கிறது.

ஒட்டிய நாளில் இரண்டு டேபிளிலும் ஒரே எண்கள், அதனால் சதவீதம் சரியாகவே வந்திருக்கும். அடுத்த காலாண்டில் புது டேபிளின் மொத்தம் மாறியது, $E$6 மாறவில்லை. எவ்வளவு இருந்தது?

மீனா_திருப்பூர்

பழையது 40 லட்சம். இப்போது 44 லட்சம். சாயம் 11 லட்சம்.

தணிகை

11-ஐ 44-ஆல் வகுத்தால் 25 சதவீதம். 40-ஆல் வகுத்ததால் 27.5. நான்கும் சேர்ந்து 110. பழைய டேபிளை யாராவது அழித்திருந்தால் அன்றே எர்ரர் வந்து காட்டிக்கொடுத்திருக்கும். பத்திரமாக வைத்திருந்ததுதான் மறைத்துவிட்டது.

15-ஆம் வரிசையை மட்டும் செலக்ட் செய்து Ctrl+H, `$E$6` என்பதற்கு `$F$14`. முடிந்தது. இனி யாருடைய ஃபைல் வந்தாலும் ஒரு செல்லில் F2 கீயை அழுத்திப் பாருங்கள். கலர் கட்டம் பழைய டேபிளில் விழுந்தால் அங்கேதான் விஷயம்.

ரஃபீக்

எனக்கு வேறு மாதிரி. குளிர்பதனக் கிடங்கு, 12 அறைகள், 31 நாள் வெப்பநிலை. ரிப்போர்ட் தானாக மாறட்டும் என்று `TRANSPOSE` ஃபார்முலா போட்டிருந்தார்கள். ஆய்வுக்கு வந்தவர் ஓர் அறையைக் காட்டி, "இங்கே 0 டிகிரி போயிருக்கிறதே, சரக்கு உறைந்திருக்குமே" என்றார். அந்த நாளில் அளவே எடுக்கவில்லை, மூல டேபிளில் செல் காலி. `TRANSPOSE` காலி செல்லை 0 ஆக்கிவிடும். சராசரியும் கெட்டது. 4, 5, காலி, 6 என்றால் சராசரி 5. காலி 0 ஆனதும் 3.75. அப்புறம் இப்படி மாற்றினோம்:

```
=TRANSPOSE(IF(B2:M32="","",B2:M32))
```

அந்த அதிகாரியின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சுகன்யா

இதற்கு இவ்வளவு ஏன்? சார்ட் மேல் கிளிக் செய்து Chart Design-இல் Switch Row/Column கொடுத்தால் மாதங்கள் குறுக்கே வந்துவிடுமே. நான் தலைமையாசிரியருக்கு மதிப்பெண் ரிப்போர்ட் அப்படித்தான் கொடுக்கிறேன்.

ரஃபீக்

அது சார்ட்டை மட்டும்தான் திருப்பும் அக்கா, டேபிள் அப்படியேதான் இருக்கும். மீனா கேட்பது டேபிளைப் பற்றி.

வேலுச்சாமி_ஓய்வு

எனக்கு நடந்தது சின்ன விஷயம். கூலிப் பட்டியலில் `=B2*H2` என்று இருந்தது, H-இல் ரேட். A முதல் C வரை மட்டும் காப்பி செய்து திருப்பினோம். எல்லாருக்கும் கூலி 0.

ஆனால் எல்லாரும் இந்த வழியைப் பழகிக்கொள்ளுங்கள். முதலில் டேபிளை செலக்ட் செய்து, Ctrl+H போய் `=` என்பதை `zz=` ஆக்குங்கள். ஃபார்முலா எல்லாம் வெறும் எழுத்தாகிவிடும். இப்போது காப்பி செய்து திருப்பி ஒட்டுங்கள். எழுத்து என்பதால் எக்செல் எதையும் மாற்றாது. அப்புறம் இரண்டு டேபிளிலும் `zz=` என்பதை `=` ஆக்குங்கள். எந்த ஃபார்முலாவும் இடம் மாறாது, ஒவ்வொன்றும் பழையபடி அதே செல்லையே பார்க்கும். ஆரம்பிக்கும் முன் ஃபைலை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். ஷீட்டில் வேறு டேபிள் இருந்தால் செலக்ட் செய்யாமல் Replace All கொடுத்துவிடாதீர்கள், எல்லாவற்றையும் எழுத்தாக்கிவிடும். பலருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.

தணிகை

ஐயா, உங்கள் கூலிப் பட்டியலுக்கு அது நல்ல வழி. வலப்பக்கம் ஐந்து செல் தள்ளி இருந்த ரேட்டை, திருப்பியதும் கீழே ஐந்து செல் தள்ளித் தேடியிருக்கிறது, அங்கே காலி. `zz=` வழியில் H2 அப்படியே நிற்கும்.

ஆனால் மீனா மேடத்துக்கு அது ஆபத்து. மாதத் தொகைகள் ஃபார்முலா இல்லை, கையால் அடித்த எண்கள். அவை புது டேபிளுக்குத் தனிப்பிரதியாகப் போகும். மொத்தமும் பங்கும் மட்டும் பழைய டேபிளைப் பார்க்கும். புது டேபிளில் எண்ணை மாற்றினால் மொத்தம் அசையாது. இப்போது இருப்பதைவிட மோசம்.

வேலுச்சாமி_ஓய்வு

தம்பி, அதற்கு முதலில் Paste Link செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு எண்ணும் `=B2`, `=C2` என்று ஃபார்முலா ஆகிவிடும். அந்த ஒட்டலின் மேல் `zz=` போட்டுத் திருப்பினால் முழு டேபிளும் பழையதோடு இணைந்தே இருக்கும். Transpose டிக் செய்தால் Paste Link பட்டன் வேலை செய்யாது, அதனால்தான் இந்தச் சுற்று.

தணிகை

அப்படியென்றால் பழைய டேபிளில்தான் எண் அடிக்க வேண்டும். அவர்கள் அடிப்பது புதியதில்.

கோபிநாத்

இதனால்தான் Values என்றேன்.

தணிகை

Values என்றால் 44 லட்சம் வந்த பிறகும் மொத்தம் 40 என்றே நிற்கும் சார்.

மீனா_திருப்பூர்

`$F$14` மாற்றிவிட்டேன். 40.9, 25, 25, 9.1, கூட்டினால் 100. எங்கள் ஆட்கள் மாதங்கள் கீழே இருந்தால்தான் அடிக்க வசதி என்கிறார்கள், அதனால் புது டேபிளையே வைத்துக்கொண்டு பழையதை வேறு ஷீட்டுக்கு நகர்த்தலாம் என்று இருக்கிறேன்.

ஒன்று மட்டும். எங்கள் இன்னொரு யூனிட்டில் இதே ஃபைலை கூகுள் ஷீட்ஸில் வைத்திருக்கிறார்கள், அங்கேயும் Transposed கொடுத்துத்தான் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே டாலர் போட்ட செல்லுக்கு இதே கதைதானா? செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?